ஐயோவை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது?

ஒரு குறும்படத்தின் ஆங்கில சப்டைட்டிலைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நான்காவது நிமிடத்தில் ஒரு காட்சி. மழை இரவு, கதவு தட்டும் ஓசை. ஐம்பது வயதைக் கடந்த தாய் தாழ்ப்பாளை நீக்குகிறாள். இரண்டு வருடமாக வீட்டுப் பக்கமே வராத மகன் தோளில் ஒரு பையோடு நனைந்து நிற்கிறான். அவள் முகம் அப்படியே மலர்கிறது. "ஐயோ! நீயா!" என்கிறாள். திரையின் அடியில் ‘ஓ நோ! இட்ஸ் யூ!’ என்று ஆங்கிலம் ஓடுகிறது.

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடலாம். தெரியாதவருக்கு அந்த ஒரு வரியில் கதையே திரும்பிவிடுகிறது. இவன் வரக் கூடாத ஆள் போலிருக்கிறது, ஏதோ செய்துவிட்டு ஓடியவன் போலிருக்கிறது என்று அவர் முடிவுகட்டி, அடுத்த பத்து நிமிடத்தையும் அந்தக் கண்ணோடு பார்ப்பார். மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அந்தக் காட்சியில் ஐயோ ஐந்து முறை வருகிறது, ஐந்து முறையும் அவர் ‘ஓ நோ’ போட்டிருந்தார். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று முதலிலேயே கணக்கு முடித்துவிட்டதுதான் அவர் செய்த பிழை.

ஐயோ ஒரே உணர்ச்சிக்குச் சொந்தமாக என்றுமே இருந்ததில்லை. புறநானூற்றின் 255ஆம் பாட்டில், காட்டில் விழுந்து கிடக்கும் கணவனின் உடலருகே நிற்கும் பெண், "ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே" என்கிறாள். ஐயோ என்று கதறினால் புலி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்பது பொருள். வன்பரணரின் அந்தப் பாட்டில் ஐயோ என்பது பொருளைவிட முதலில் ஓசை. வாய்விட்டு எழ வேண்டியது, எழ விடாமல் அடக்கப்படுகிறது. கம்பனுக்கு வந்தால் காட்டில் நடந்துபோகும் இராமனைப் பார்த்து, மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ என்று உவமை தேடித் தேடித் தோற்று, "ஐயோ இவன் வடிவு என்பதோர் அழியா அழகு உடையான்" என்கிறான். இங்கே சாவும் இல்லை, இழப்பும் இல்லை. அழகு தாங்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: வந்தது துக்கமோ மகிழ்ச்சியோ, சொல்பவருடைய அளவை மீறி வந்திருக்கிறது.

ஆங்கில ‘ஓ நோ’வுக்குள் ஒரு மறுப்பு உட்கார்ந்திருக்கிறது. நடந்ததை ஏற்க மாட்டேன் என்கிறது அது. அதனால் கெட்டதற்கு மட்டும்தான் அது பொருந்தும். தமிழ் ஐயோவில் மறுப்பு கிடையாது. நடந்தது என்னைத் தொட்டுவிட்டது என்பதோடு அது நின்றுவிடுகிறது. நல்லதா கெட்டதா என்பதைக் குரலும் முகமும் அடுத்து வரும் சொற்களும் சொல்லும். ‘அலாஸ்’ போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பேச்சில் ஆங்கிலேயர்கள் கைவிட்டு வெகுகாலமாகிறது. அதைப் போட்டால் கும்பகோணத்துத் தாய் நாடக மேடையில் நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். ‘ஓ மை காட்’ வேறு விதமான விபத்து. அது பேசுபவரின் வயதையே மாற்றிவிடுகிறது. எழுபது வயதுப் பாட்டியின் வாயில் அதை வைத்துப் பாருங்கள், பாட்டி கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

எனக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஐயோவை நேரே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் அதைத் தமிழிலேயே ஒரு முழு வாக்கியமாக விரித்துக்கொள்வேன். இந்த ஐயோவை இந்த ஆள் இந்த இடத்தில் சொல்லாமல், வாய்விட்டு விளக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்த வாக்கியம் கிடைத்ததும் அதைத்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும் அடுத்த வசனத்துக்குள் கரைந்துவிடும். தனிச்சொல்லாக எதுவும் மிஞ்சாது.

அந்தக் குறும்படக் காட்சியின் முதல் நான்கு ஐயோக்கள் கோப்பில் இப்படி இருந்தன:

```
41
00:04:11,200 --> 00:04:12,400
Oh no! It's you!

42
00:04:12,900 --> 00:04:15,100
Oh no, how thin you have become!

43
00:04:21,000 --> 00:04:22,000
Oh no, the milk!

44
00:04:38,500 --> 00:04:40,500
Oh no...
```

முதல் ஐயோவை விரித்தால், "நீ வருவாய் என்கிற நம்பிக்கையே போய்விட்டிருந்ததே" என்று வரும். இரண்டு வருடக் காத்திருப்பு அதற்குள் இருக்கிறது. ‘இட்ஸ் யூ’ என்று மட்டும் போட்டால் பிழையில்லை, ஆனால் அது ஆளை அடையாளம் கண்டதோடு நின்றுவிடுகிறது. ‘யூ கேம்’ என்றால் காத்திருந்ததும் சேர்ந்து வந்துவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டே சொல்.

இரண்டாவது, "ஐயோ, எப்படி இளைத்துப்போய்விட்டாய்!" இதை விரித்தால், "அங்கே என் பிள்ளைக்கு ஒருவரும் சரியாகச் சோறு போடவில்லையே" என்பதுதான். ஆங்கிலத்தில் இருந்த வரி சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் உடம்பு இளைத்தால் பாராட்டும் ஊர்களில் அதே வரி வாழ்த்தாகக் கேட்கும். முன்னால் ‘ஓ நோ’ இருப்பதால் வாழ்த்தா வசவா என்று குழப்பம் வேறு. நல்ல வேளையாக எலும்பும் தோலும் என்ற வழக்கு இரண்டு மொழியிலும் இருக்கிறது. அதைப் போட்டால் தாயின் பரிதவிப்பு முழுவதும் அதற்குள் வந்துவிடும், ஐயோவுக்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. "ஐயோ, பால்!" இது வெறும் பதற்றம். பால் வழிந்து அடுப்பில் சுர்ரென்று படும் ஓசை படத்திலேயே கேட்கிறது, தாய் ஓடுவது தெரிகிறது. இந்த இடத்தில் ஆங்கிலம் பேசுபவர் பொருளின் பெயரைத்தான் கத்துவார். ‘த மில்க்!’ போதும். ஒரு நொடி நேரத்தில் பதினாறு எழுத்துக்குப் பதில் ஒன்பது எழுத்தைப் படித்தால், மிச்சப் பார்வை தாயின் முகத்துக்குக் கிடைக்கும்.

நான்காவதுதான் கடினம். மகன் தலைகுனிந்து, வேலை போய்விட்டது என்கிறான். தாய் உடனே பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, ஓகாரத்தை நீட்டி, தாழ்ந்த குரலில் "ஐயோ" என்கிறாள். பிறகு மகனின் ஈரத் தலையைத் துண்டால் துடைக்கிறாள். இந்த ஐயோவை எப்படி விரித்தாலும் ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை. ‘உனக்கா இப்படி’ என்பதும் உண்டு, ‘இனி என்ன செய்வோம்’ என்பதும் உண்டு, ‘அதனால்தான் வந்தாயா’ என்ற சின்ன ஏமாற்றமும் உண்டு. எதைப் போட்டாலும் மற்ற இரண்டும் செத்துவிடும். வரியை எடுத்துவிட்டேன். குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, துண்டு இருக்கிறது. முதல் மூன்று ஐயோவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நான்காவது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது தானாகவே தெரியும்.

ஐந்தாவது ஐயோ தாயுடையது அன்று. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை விஷயத்தைத் தெரிந்துகொண்டு, "ஐயோ பாவம், எவ்வளவு படித்த பிள்ளை!" என்கிறாள். அவளுடைய மகன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கடை வைத்தவன் என்பது முன்பே நமக்குத் தெரியும். எனவே இந்த ஐயோ பாவத்தில் பாவம் குறைவு, இனிப்பு அதிகம். இப்படி ஆயிற்று கடைசியில் கோப்பு:

```
41
00:04:11,200 --> 00:04:12,400
You came!

42
00:04:12,900 --> 00:04:15,100
Look at you. Skin and bones.

43
00:04:21,000 --> 00:04:22,000
The milk!

44
00:04:52,000 --> 00:04:54,500
Poor boy. And with all those degrees.
```

அத்தையின் வரியில் ‘பூர் பாய்’ என்பது இரக்கம்போலவே நிற்கிறது. குத்தல் அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. தமிழிலும் அப்படித்தான் இருந்தது. ஐந்து ஐயோவில் ஒன்றுகூட ஆங்கிலத்தில் உணர்ச்சிச்சொல்லாக நிற்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எப்போதும் இப்படித்தான் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துக்கு ஏழெட்டு முறை இப்படித்தான் முடிகிறது.

இதற்கு நேரக் கணக்கும் ஒரு காரணம். வரிக்கு 42 எழுத்து, அதிகம் போனால் இரண்டு வரி, ஒரு சப்டைட்டில் திரையில் நிற்க வேண்டிய மிகக் குறைந்த நேரம் நொடியில் ஆறில் ஐந்து பங்கு, அதிகபட்சம் 7 நொடி என்பது நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் ஆங்கிலத்துக்குக் கேட்கும் அளவு. படிக்கும் வேகம் நொடிக்கு 17 முதல் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சாதாரண ஐயோவை வாய்விட்டுச் சொல்ல அரை நொடி போதும். அதற்குத் தனி வரி கொடுத்தால், சொல்லி முடித்த பிறகும் அது திரையில் நின்றுகொண்டிருக்கும். அடுத்த வசனத்தோடு சேர்த்தாலோ, நடிகர் வாயைத் திறக்கும் முன்பே விஷயம் திரையில் வந்துவிடும். "ஐயோ" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தி, "அப்பா போய்விட்டார்" என்று முடிக்கும் இடத்தில், இரண்டையும் ஒரே வரியில் போட்டவர் அந்த நிறுத்தத்தைக் கொன்றுவிட்டார். அப்படிப்பட்ட இடங்களில் ஐயோவை எழுதாமல் விட்டு, ‘போய்விட்டார்’ என்பதை அது சொல்லப்படும் கணத்தில் கொண்டுவந்து நிறுத்துவதே சரி.

எழுதாமல் விடலாம் என்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. நாவலை மொழிபெயர்க்கும்போது மூலம் வாசகனுக்குத் தெரியாது. சப்டைட்டிலில் மூலம் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இத்துறை ஆய்வாளர் ஹோர்ஹே தியாஸ் சிந்தாஸ் இதை எளிதில் காயப்படக்கூடிய மொழிபெயர்ப்பு என்ற பொருளில் சொல்வார். மூலமும் பெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுக் குறை சொல்லலாம். தமிழே தெரியாதவர்கூட, படம் தொடங்கிய பத்து நிமிடத்தில் ஐயோவை அடையாளம் கண்டுகொள்வார். பிறகு நாம் ஐயோவுக்கு ஐந்து விதமாக எழுதினால், இவர்கள் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். எழுதாமல் விட்டால் அந்தச் சந்தேகம் எழாது. ஓசை அவருடைய காதுக்கு, பொருள் கண்ணுக்கு என்று வேலை பிரிந்துவிடுகிறது.

அடடாவுக்கு வருவோம். அதன் போக்கே வேறு.

ஒரு தாத்தா சாப்பிட உட்காருகிறார். வத்தக்குழம்பை ஒரு வாய் வைத்ததும் "அடடா!" மருமகள், எதிர்வீட்டு ராமசாமி போன மாதம் இறந்துவிட்டதைச் சொல்கிறாள். "அடடா... எப்போது?" செய்தித்தாளை எடுக்கிறார், "அடடா, கண்ணாடியை எங்கே வைத்தேன்?" பேரன் தொணதொணக்கிறான். "அடடா, கொஞ்சம் சும்மா இரேன்." ருசி, சாவு, மறதி, எரிச்சல் நான்குக்கும் ஒரே சொல். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஒழுங்கே இல்லை என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் நான்கு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். வேறு நினைவில் இருந்தவரை ஏதோ ஒன்று வந்து ஒரு கணம் நிறுத்துகிறது. நிறுத்துகிறதே தவிர ஆளைச் சாய்த்துவிடவில்லை. ஐயோவில் ஆள் மூழ்குகிறார், அடடாவில் கரையில் நின்று பார்க்கிறார்.

எதிர்வீட்டுக்காரர் சாவுக்கு அடடா சொல்லலாம். சொந்த மகன் சாவுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் அந்தத் தகப்பனைப் பற்றி நாம் வேறு மாதிரி நினைக்க வேண்டியிருக்கும். எனவே ஒரு பாத்திரம் இழவுச் செய்தி கேட்டு அடடா சொல்கிறதா ஐயோ சொல்கிறதா என்பது, செத்தவருக்கும் இவருக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கும் சான்று. திரைக்கதை எழுதுபவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துவார்கள். தெரியாமல் பயன்படுத்துபவர்களும் சரியாகவே பயன்படுத்துவார்கள், தாய்மொழி என்பதால். இரண்டுக்கும் ‘ஓ நோ’ போடும் சப்டைட்டிலில் அந்தச் சான்று அழிந்துபோகிறது.

தாத்தாவின் நான்கு அடடாவில் மூன்றுக்கு ‘ஓ டியர்’ வியக்கும்படி பொருந்துகிறது. சற்றுப் பழைய ஆங்கிலச் சொல், வயதானவர் வாயில் இயல்பாக நிற்கும். அதுவும் கரையில் நின்று பார்க்கும் சொல்தான். எதிர்வீட்டுச் சாவுக்கும் மறந்த கண்ணாடிக்கும் ஒரே சொல் வருவதில் உள்ள மெல்லிய வேடிக்கைகூட அப்படியே கடந்துபோகும். பேரனிடம் காட்டும் எரிச்சலுக்கும் ஒட்டும், சற்று மென்மையாக. குழம்புக்கு மட்டும் ஒட்டாது. ‘ஓ டியர்’ என்றால் உப்பு அதிகமாகிவிட்டது என்றே படும். ‘ம்ம்ம்’ போடலாம் என்பார்கள். அது நாக்கின் ஓசை. அடடா சமைத்த கைக்குத் தரும் மரியாதை. ‘நவ் தட்ஸ் குழம்பு’ என்று எழுதிப் பார்த்தேன். இத்தனை நாள் சாப்பிட்டதெல்லாம் என்ன என்ற கேள்வியும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. மருமகள் பக்கத்தில் நின்றதால் அதுவும் பொருத்தமாகவே அமைந்தது.

அடடாவில் நீளத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் நீட்டி ‘அடாடா’ என்றால் ரசனை கூடுகிறது. ‘அடடடடா’ என்று டகரங்களை அடுக்கினால் பெரும்பாலும் கிண்டல். "அடடடடா, என்ன அறிவு!" என்று அக்காள் தம்பியைப் பார்த்துச் சொல்லும்போது அறிவைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று நமக்குத் தெரியும். இதை மொழிபெயர்க்கும் பலர் நீளத்தை நீளத்தாலேயே ஈடுகட்ட முயன்று, ‘வாவ்’ என்பதில் மூன்று நான்கு எழுத்தைக் கூட்டி ஆச்சரியக்குறியும் போட்டுவிடுகிறார்கள். படிப்பவர் அதை உண்மையான பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார். தமிழில் கிண்டல் மிகைப்படுத்தி வேலை செய்யும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் அடக்கி வாசித்து வேலை செய்யும். அந்த இடத்துக்கு ‘ஜீனியஸ்’ என்ற ஒற்றைச் சொல், முடிவில் ஒரு முற்றுப்புள்ளி. ஆச்சரியக்குறி வந்தால் காரியம் கெட்டது.

அடடே என்பது அடடாவின் தம்பிபோலத் தோன்றும், ஆனால் அதன் வேலை பெரும்பாலும் வாசலில்தான். எதிர்பாராமல் வந்தவரைப் பார்த்து "அடடே, வாருங்கள் வாருங்கள்" என்பதற்கு ‘லுக் ஹூ’ஸ் ஹியர்’ என்று ஆங்கிலம் ஆயத்தமாகவே வைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். சொல்பவர் உண்மையில் மகிழவில்லை, கடன் கேட்டு வந்தவரை வரவேற்கிறார் என்றால், ஆங்கிலத்திலும் அதே வாக்கியம் சற்றுக் கசப்பாகக் கேட்கும். அதைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை.

அடப்பாவி இந்த வரிசையிலேயே அதிகம் அடிபடும் சொல். ‘யூ சின்னர்’ என்று சப்டைட்டிலில் பார்த்திருக்கிறேன். பாதிரியார் பிரசங்கம் செய்வதுபோல் இருந்தது. நண்பன் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நிற்கும்போது சொல்லும் அடப்பாவிக்கு ‘யூ டிட்ன்ட்’ என்பது சரி. ஏழைகளின் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியவனைப் பற்றிக் கேட்டதும் சொல்லும் அடப்பாவிக்கு ‘தட் மான்ஸ்டர்’ சரி. அடுத்த சிக்கல், இந்தச் சொல்லுக்குள் ஆணா பெண்ணா என்பதும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது. பெண்ணிடம் சொல்லும்போது அது அடிப்பாவி ஆகிறது. உரிமை இல்லாதவரிடம் முகத்துக்கு நேரே சொல்லவே முடியாது. ஒரு காட்சியில், அதுவரை ‘நீங்கள்’ என்று பேசிக்கொண்டிருந்த இரு பெண்களில் ஒருத்தி முதல் முறையாக "அடிப்பாவி!" என்று வாய்தவறிச் சொல்கிறாள். அதோடு அவர்கள் தோழிகள். ஆங்கிலத்தில் அடியும் இல்லை, நீயும் நீங்களும் இல்லை. அங்கே உணர்ச்சியைப் பெயர்த்தால் போதாது, நெருக்கத்தை எங்கேயாவது காட்டியாக வேண்டும். முந்தைய வரிகளில் மற்றவளைப் பேருக்கு முன் ‘மிஸ்’ போட்டு அழைக்க வைத்துவிட்டு, இந்த இடத்தில் பேரை மட்டும் சொல்ல வைத்தேன். மூலத்தில் பேர் இல்லை. இருந்தாலும் இதை நான் தவறாக நினைக்கவில்லை.

சொல்லாகவே எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. நாக்கை மேற்பல்லில் ஒட்டி எடுக்கும் அந்த ‘த்சு’ ஓசை. உச்சுக்கொட்டுவது என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலேயர் காதுக்கு இதே ஓசை கண்டிப்பின் அடையாளம், ஒழுங்கில்லாத பிள்ளையைப் பார்த்து ஆசிரியை செய்வது. நமக்கோ முதலில் இரக்கம். துக்க வீட்டில் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். சபாவில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் முன்வரிசை மாமா தலையை ஆட்டிக்கொண்டே உச்சுக்கொட்டுவார், அது உச்சபட்சப் பாராட்டு. காது கேளாதவர்களுக்காக ஓசைகளையும் எழுதும் சப்டைட்டில் ஒன்றில், அப்படி ஒரு கச்சேரிக் காட்சியில் ‘டட்ஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். படிப்பவருக்கு, பாடகர் அபசுரம் பாடிவிட்டார் என்றும் மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றும் ஆகிவிடும். ஓசையின் பெயரை எழுதுவதைவிட, ரசித்து முனகுகிறார் என்ற பொருளில் எழுதுவதே அங்கே தேவை.

சரி, ஐயோவை ஐயோ என்றே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டால் என்ன? இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016இல் இதைச் சேர்த்துக்கொண்டபோது நம் செய்தித்தாள்கள் கொண்டாடின. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆங்கிலம் பேசுவோருக்கு அது பழகிய சொல்தான். நகைச்சுவைக் காட்சியில், அல்லது ஒரு பாத்திரத்துக்கு ஐயோ என்பதே முத்திரைபோல ஒட்டிக்கொண்டிருந்தால், தாராளமாக விடலாம். எழுத்துக்கூட்டலை மட்டும் படம் முழுவதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் சின்னச் சலிப்புக்குத்தான். பஸ் தவறியது, மழை வந்தது, அந்த அளவு. அதே சொல்லைத் துக்கக் காட்சியில் எழுத்தாகப் போட்டால், அங்குள்ள பார்வையாளருக்குத் துக்கம் சலிப்பாகச் சுருங்கிவிடும். ஐரோப்பியப் பார்வையாளருக்கோ அது விநோதமான அயல் எழுத்து, கண் அங்கேயே தடுக்கி நிற்கும்.

ஒப்பாரியில் இது மிகவும் முக்கியம். ஒப்பாரியில் ஐயோ ஒவ்வொரு அடியின் தலையிலும் வாலிலும் வரும், தாளத்துக்குத் தட்டுவதுபோல. ஒவ்வொன்றையும் எழுதினால் திரை முழுவதும் ஒரே சொல்லாக நிரம்பி, மூன்றாவது வரியில் பார்வையாளர் புன்னகைக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஐயோக்கள் காதுக்கு உரியவை, அங்கேயே இருக்கட்டும். எழுத்தில் வர வேண்டியது, அழுபவள் இறந்தவரை எப்படி அழைக்கிறாள், எதை நினைத்து அழுகிறாள் என்பது மட்டும்.

ஒரு சப்டைட்டில் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்வது எளிது. தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, காட்சியை ஒருமுறை மட்டும் ஓட்டி, கதையைக் கேட்காமல் ஆட்களைக் கேட்பேன். இந்த அம்மாவுக்கு மகன் வந்தது பிடித்திருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பெண் நல்லவளா? பழைய கோப்பைக் காட்டியபோது முதல் கேள்விக்குப் பிடிக்கவில்லை என்றும் இரண்டாவதற்கு நல்லவள் என்றும் பதில் வந்தது. இரண்டும் தலைகீழ். சொற்பிழை தேடும் திருத்துநர் கண்ணுக்கு அந்தக் கோப்பில் எந்தப் பிழையும் பட்டிருக்காது.

இந்தச் சோதனையை ஆங்கிலத்திலேயே முடித்துவிட வேண்டியதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. ஒரு தமிழ்ப்படம் பிரெஞ்சுக்கோ கொரிய மொழிக்கோ போகும்போது, பெரும்பாலும் தமிழிலிருந்து போவதில்லை. ஆங்கிலக் கோப்பை அச்சாக வைத்துக்கொண்டு மற்ற மொழிகளில் செய்கிறார்கள். கொரிய மொழிபெயர்ப்பாளருக்கு ஐயோவின் ஓசை கேட்கும், பொருளுக்கு அவர் நம்பியிருப்பது நம் ஆங்கில வரியைத்தான். வாசலில் நின்ற மகனுக்கு நாம் ‘ஓ நோ’ போட்டிருந்தால், அவன் எத்தனை மொழிகளில் போய் நின்றாலும் வேண்டாத விருந்தாளிதான். அதனால் எழுதாமல் விட்ட ஐயோக்களுக்கும் கோப்பின் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதி அனுப்புவது என் வழக்கம். மகிழ்ச்சி, எதிர்பாராதது. இரக்கம்போல் தோன்றும், உள்ளே குத்தல். இவ்வளவு போதும்.

அந்தக் குறும்பட இயக்குநருக்கு நான்காவது ஐயோவை நான் எடுத்துவிட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா வாய் அசைகிறது, கீழே ஒன்றும் வரவில்லை, ஏதோ விடுபட்டதுபோல் இருக்காதா என்று கேட்டார். ‘ஓ, சன்’ என்று போட்டுப் பார்த்தோம். அவள் ஆறுதல் சொல்பவளாகிவிட்டாள். மூன்று புள்ளி மட்டும் வைத்துப் பார்த்தோம். ஒலி கெட்டுவிட்டதுபோல் இருந்தது. கடைசியில் வெறுமையாக விட்டு ஒருமுறை ஓட்டினோம். அவர் திரையின் அடியைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே அனுப்பிவிடலாம் என்றார்.